தெரு வாட்ஸப் குரூப்புக்கு புது அட்மினா? முதல் வாரத்துல எல்லாரும் கேக்கற கேள்விகள்

மடிப்பாக்கம் பக்கம் எங்க தெரு குரூப்ப நாலு வருஷம் பாத்துக்கிட்டேன், நூத்தி எண்பது பேரு, பாதி சொந்த வீடு பாதி வாடகை. இப்ப வேற ரெண்டு பேர்கிட்ட குடுத்துட்டேன், அவங்க கேட்டது, பக்கத்து தெரு அட்மினுங்க போன் போட்டு கேட்டது எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால இங்க எழுதி வெக்கறேன். கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

நேத்து நைட் திடீர்னு என்னை அட்மின் ஆக்கிட்டாங்க, இப்ப முதல்ல என்ன பண்ணணும்?

முதல் நாள் எதையும் மாத்தாதீங்க. குரூப் பேரைத் தொட்டு கீழ இறங்கி மெம்பர் லிஸ்ட்டை ஒரு தடவை முழுசா பாருங்க, யார் யார் பேர் பக்கத்துல அட்மின்னு இருக்குன்னு பாருங்க. நிறைய குரூப்ல ஊரை விட்டே போனவர் இன்னும் அட்மினா இருப்பாரு. குரூப்ப ஆரம்பிச்சவரா இருந்தா அவரை நீங்க தூக்கவும் முடியாது, அவரா வெளிய போனாத்தான் உண்டு, அதனால முதல்ல அவருக்கு ஒரு போன் போட்டு பேசிடுங்க.

அடுத்தது ரெண்டாவது ஆள். ஒரே ஒரு அட்மின் இருந்து அவர் வெளிய போயிட்டா வாட்ஸப் தானாவே யாரோ ஒருத்தரை அட்மின் ஆக்கிடும், அது யாருன்னு நீங்க முடிவு பண்ண முடியாது. எங்க பக்கத்து தெருவுல அப்படி போன் பாக்கத் தெரியாத ஒரு பெரியவர் தலையில விழுந்துச்சு, ரெண்டு மாசம் யாரையும் சேர்க்கவும் முடியல நீக்கவும் முடியல. மூணு பேர் இருந்தா போதும், முடிஞ்சா அதுல ஒருத்தர் வாடகைக்கு இருக்கறவரா இருக்கட்டும், இல்லன்னா குரூப் மெதுவா ஓனர் சங்கம் ஆயிடும்.

செட்டிங்ஸ்ல எதை ஆன் பண்ணணும் எதை ஆஃப் பண்ணணும், சுருக்கமா சொல்லுங்க

குரூப் பேரைத் தொட்டா வர்ற பக்கத்துல `Group permissions` இருக்கும், எல்லாம் அதுக்குள்ளதான். `Edit group settings` ஆஃப் பண்ணிடுங்க. இது ஆன்ல இருந்தா யார் வேணா பேரை, போட்டோவை மாத்தலாம், மெசேஜ் தானா அழியற டைமரைக் கூட வெக்கலாம். எங்க குரூப்ல ஒரு பையன் விளையாட்டா 24 மணி நேரம்னு வெச்சிட்டான், அதுக்கப்புறம் போட்ட தண்ணி லாரிக்காரர் நம்பர் எல்லாம் மறுநாள் காணோம், ஆளாளுக்கு என்கிட்ட கேக்கறாங்க.

`Send new messages` ஆன்லயே இருக்கட்டும், அதை எப்ப ஆஃப் பண்ணலாம்னு கீழ வெள்ளத்தைப் பத்தின கேள்வில சொல்றேன். `Add other members` ஆஃப். `Approve new members` ஆன். இந்த கடைசி ரெண்டும் சேர்ந்துதான் உங்க வாசக்கதவு, மத்ததெல்லாம் வீட்டுக்குள்ள சாமான் இடம் மாத்தற மாதிரி, மெதுவா பாத்துக்கலாம்.

குரூப் லிங்க்க பழைய அட்மின் எங்கெங்கயோ போட்டிருக்காரு, அது பிரச்சனையா?

ஆமா. அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் வேலை செய்யும். மளிகைக் கடை போர்டுல ஒட்டினது, சங்க மீட்டிங் நோட்டீஸ்ல அடிச்சது எல்லாம் அப்படியேதான் இருக்கும். இன்வைட் லிங்க் பக்கத்துல `Reset link` இருக்கு, ஒரு தடவை அழுத்துங்க, பழையது செத்துடும். ஏற்கனவே உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

நான் பொறுப்பு எடுத்தப்ப லிங்க்க மாத்தல, என்ன பெருசா வந்துடப் போகுதுன்னு விட்டுட்டேன். மூணே வாரத்துல பிளாட் புரோக்கர் ரெண்டு பேரு, லோன் குடுக்கறவங்க ஒருத்தரு, யாருன்னே தெரியாத வெளிநாட்டு நம்பர் ஒண்ணு உள்ள வந்துட்டாங்க. அவங்க குரூப்ல போடற விளம்பரம்கூட பரவாயில்ல, நூத்தி எண்பது பேரோட போன் நம்பரையும் பாக்க முடியும்ல, அதான் விஷயம். லிங்க் மாத்தின அடுத்த வாரம்தான் எங்க தெரு பொம்பளைங்களுக்கு வந்துட்டிருந்த தெரியாத நம்பர் வீடியோ கால் நின்னுச்சு.

சேரணும்னு கேக்கறவர் நம்ம தெருதானான்னு எப்படி கண்டுபிடிக்கறது? ஆதார் கேக்கலாமா?

ஆதார் கேக்காதீங்க. அதை வாங்கி உங்க போன்ல வெச்சிருக்கறது உங்களுக்குத்தான் தலைவலி, எந்த தெரு குரூப்புக்கும் அது தேவையும் இல்ல. நான் ரெண்டே கேள்விதான் கேப்பேன்: எந்த டோர் நம்பர், பக்கத்து வீட்ல யார் இருக்காங்க. ரெண்டாவது கேள்விலயே முக்கால்வாசி புரோக்கருங்க கழண்டுக்குவாங்க. நிஜமா இருக்கறவர் "எதுத்தாப்ல தையல் கடை அக்கா, மாடில பேங்க் சார்"னு டக்குனு சொல்லுவாரு. புதுசா குடி வந்து யாரையும் தெரியாதவரா இருந்தா வீட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

ஒரு நோட்ல டோர் நம்பர் வாரியா பேரை எழுதி வெச்சுக்குங்க, போன்ல இல்ல, நோட்ல. வீட்டுக்கு ரெண்டு நம்பர்னு வெச்சா கணக்கு சுலபமா இருக்கும். மே, ஜூன்ல ஸ்கூல் மாறும்போது வாடகை வீடு நிறைய காலியாகும், அப்ப நோட்டைப் பாத்து காலி பண்ணிட்டுப் போனவங்களுக்கு தனியா "நீங்க போயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், குரூப்ல இருந்து எடுத்துடட்டுமா"ன்னு கேட்டுட்டு எடுங்க. கேக்காம எடுத்தீங்கன்னா அடுத்த மாசம் கோயில் திருவிழாவுக்கு வரும்போது மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க.

ஒருத்தரை நானே சேர்க்கப் பாத்தா சேர்க்க முடியல, இன்வைட் அனுப்புன்னு சொல்லுது

உங்க போன்ல தப்பு இல்ல. கண்டவங்க குரூப்ல சேர்க்கக் கூடாதுன்னு அவர் பிரைவசி செட்டிங் போட்டிருக்காரு. இன்வைட் அனுப்புங்க, மூணு நாளைக்குள்ள அவர் ஏத்துக்கணும், தாண்டினா மறுபடி அனுப்பணும். அவ்ளோதான்.

ரூல்ஸ் போடணுமா? எத்தனை போடலாம்?

அஞ்சுக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க. அதை மெசேஜா போடாம குரூப் டிஸ்கிரிப்ஷன்ல போடுங்க, ஏன்னா மெசேஜ் மேல போய்டும், அடுத்த மாசம் சேர்றவருக்கு கண்ணுலயே படாது, டிஸ்கிரிப்ஷன் எப்பவும் இருக்கும். எங்களோடது இப்படி: தெரு விஷயம் மட்டும், கட்சியும் ஜாதியும் மதமும் வேணாம், விளம்பரம் ஞாயித்துக்கிழமை மட்டும், நைட் 10 மணிக்கு மேல அவசரம்னா மட்டும், யாரோட போட்டோவும் அவங்க சம்மதம் இல்லாம வேணாம். அதுக்குக் கீழயே நம்பருங்க: கார்ப்பரேஷன் 1913, கரண்ட்டுக்கு மின்னகம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108, ஆன்லைன்ல காசு போனா 1930. இந்த நாலு நம்பர் அங்க இருந்தா "யாராவது ஈபி நம்பர் குடுங்க"ன்னு வர்ற மெசேஜே பாதியா குறைஞ்சிடும்.

ஞாயித்துக்கிழமை விளம்பரத்தை மட்டும் எடுத்துடாதீங்க. இட்லி மாவு அரைச்சு விக்கற அக்கா, டியூஷன் எடுக்கற பொண்ணு இவங்களுக்கெல்லாம் குரூப்தான் கடை.

தினமும் காலைல அஞ்சரைக்கு குட் மார்னிங் பூ போடற ஒரு பெரியவர் இருக்காரு, அவரை எப்படி நிறுத்தறது?

குரூப்ல சொல்லவே சொல்லாதீங்க. நான் சொல்லிப் பாத்தேன், அவர் நிறுத்திட்டாரு, ஆனா குரூப்பையும் விட்டுட்டாரு, அவர் போனது அட்மினுக்கு மட்டும்தான் தெரியும்கறதால மத்தவங்க ரெண்டு வாரம் கவனிக்கவே இல்ல. அவர்தான் தெருவுல மெட்ரோ வாட்டர் லாரி எப்ப வரும்னு சரியா சொல்ற ஆளு. போய் கூட்டிட்டு வர வேண்டியதாயிடுச்சு.

இப்ப நேர்ல பாக்கும்போது பேசுவேன். "மாமா, பசங்க நைட் ஷிப்ட் முடிச்சு அப்பதான் படுக்கறாங்க, போன் சத்தம் கேட்டு எழுந்துக்கறாங்க, நீங்க ஸ்டேட்டஸ்ல வெச்சா எல்லாரும் பாப்போம்ல." ஸ்டேட்டஸ் வெக்கறது எப்படின்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன், இப்ப தினமும் ஏழு ஸ்டேட்டஸ் வெக்கறாரு.

அடுத்தவங்க மெசேஜை நான் டெலீட் பண்ணா என் பேர் காட்டுமா?

காட்டும். அட்மின் இன்னார் அழிச்சாருன்னு எல்லாருக்கும் தெரியும். மெசேஜை அழுத்திப் பிடிச்சு டெலீட் போய் `Delete for everyone`. மெசேஜ் வந்து கிட்டத்தட்ட ரெண்டு நாள் வரைக்கும்தான் முடியும், அதுக்கப்புறம் போட்டவராலயும் முடியாது உங்களாலயும் முடியாது. அதனால ஊருக்குப் போறப்ப இன்னொரு அட்மின்கிட்ட சொல்லிட்டுப் போங்க.

அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க, அழிச்ச கையோட போட்டவருக்குத் தனியா ஒரு வரி அனுப்புங்க. ஸ்க்ரீன்ஷாட் இல்லாம போனா "நான் என்ன தப்பா போட்டேன், காட்டுங்க பாப்போம்"னு வருவாங்க, காட்ட ஒண்ணும் இருக்காது.

ராத்திரி பதினோரு மணிக்கு "திருடன் சுத்தறான்"னு சிசிடிவி வீடியோ போட்டுட்டாங்க, விடணுமா அழிக்கணுமா?

இதுக்குத்தான் கொஞ்சம் நீளமா பதில், ஏன்னா நான் ஒரு தடவை கோட்டை விட்டது இதுலதான். எட்டாம் நம்பர் வீட்டுல ஒரு வீடியோ போட்டாங்க, ஒரு பையன் பையை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு கேட்டா எட்டிப் பாத்துட்டு போறான். "திருடன், எல்லாரும் உஷார்." ரெண்டாவது நிமிஷம் ஒருத்தர் "வடக்கத்திக்காரன் மாதிரி இருக்கான்", அடுத்தவர் "போன வாரம் சைக்கிள் போச்சே இவன்தான்", இன்னொருத்தர் வேற ஏதோ ஊர் பழைய வீடியோவை எடுத்துப் போட்டு "இதே கும்பல்". பதினஞ்சு நிமிஷத்துல நாலு பேர் கட்டையோட தெருமுனைல நிக்கறாங்க. நான் சாப்பிட்டுக்கிட்டே எல்லாத்தையும் படிச்சேன், போலீஸ்க்கு யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். யாரும் சொல்லல. அந்தப் பையன் பதினாலாம் நம்பர் வீட்டு மாடில புதுசா வந்தவங்களோட தம்பி, பஸ் லேட்டாகி வந்து டோர் நம்பர் தேடியிருக்கான், போன்ல சார்ஜ் இல்ல. அவனைப் பிடிச்சு சட்டையை கிழிச்சாச்சு. நல்லவேளை அவங்க அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க.

பெருசா பேசறேன்னு நினைக்காதீங்க. 2018 மே மாசம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போன சென்னைக்காரப் பாட்டி ஒருத்தர் குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்ததைப் பாத்து, பிள்ளை பிடிக்கறவங்கன்னு அடிச்சே கொன்னுட்டாங்க, அப்ப வாட்ஸப்ல சுத்திட்டிருந்த வதந்திதான் காரணம். அந்த வருஷம் இந்தியா முழுக்க இப்படி நடந்ததுக்கு அப்புறம்தான் ஃபார்வர்ட் பண்றதுக்கே அஞ்சு சாட்னு வரம்பு வந்துச்சு.

இப்ப நாங்க பண்றது இதுதான். வீடியோ வந்த உடனே அட்மின்ல யார் முழிச்சிருக்கோமோ அவங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அழிச்சிடுவோம், "100-க்கு சொல்லியாச்சு, வீடியோ போலீஸ்க்கு குடுக்கறோம், யாரும் வெளிய போய் பிடிக்க வேணாம், யார் வீட்டுக்காவது ஆள் வரவேண்டியிருந்தா சொல்லுங்க"ன்னு ஒரே மெசேஜ். கடைசி வரிதான் முக்கியம். அதுக்கப்புறம் இதே மாதிரி மூணு தடவை வந்துச்சு, அதுல ரெண்டு தடவை "அய்யோ அது எங்க வீட்டுக்கு வந்த பார்சல்காரர்"னு பதில் வந்துடுச்சு. நிஜமா வீடு புகுந்திருந்தா வீடியோ வெச்சிருக்கறவர் அதை குரூப்ல போடறதால ஒண்ணும் ஆகாது, ஸ்டேஷன்ல குடுத்தாத்தான் ஆகும். ஆள் மூஞ்சி இல்லாம "நம்ம தெருவுல ரெண்டு பைக் பூட்டை உடைக்கப் பாத்திருக்காங்க, பூட்டிட்டு படுங்க"ன்னு எழுதறதுக்கு எந்தத் தடையும் இல்ல.

மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா அது ஏற்கனவே பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம், நம்ம தெரு செய்திக்கு அது வரவே வராது. அதை மட்டும் யோசிக்காம அழிக்கலாம்.

"அட்மின்ஸ் மட்டும்"னு போட்டா நிம்மதியா இருக்குமே, நிரந்தரமா அப்படியே வெச்சிடலாமா?

வெச்சா ரெண்டு மாசத்துல குரூப் நோட்டீஸ் போர்டு ஆயிடும், தனியா இன்னொரு குரூப் ஆரம்பிச்சிடுவாங்க, அதுல நீங்க இருக்க மாட்டீங்க. ஆனா சில மணி நேரத்துக்கு அது உயிர்நாடி.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்ப நாங்க கத்துக்கிட்டது இது. 3-ம் தேதி நைட்டு மழை ஆரம்பிச்சதுல இருந்து மெசேஜ் கொட்டுது, "எங்க வீட்லயும் தண்ணி", "கரண்ட் இருக்கா", வேற ஏரியா வீடியோ, ஏரி உடைஞ்சிடுச்சுன்னு புரளி. காலைல ஒருத்தர் படகு வரப்போற இடத்தைப் போட்டிருந்தாரு, அது நூறு மெசேஜுக்கு அடியில போயிடுச்சு, முதியவங்க ரெண்டு பேர் இருக்கற வீட்டுல அதை மத்தியானம்தான் பாத்தாங்க. கரண்டும் இல்ல, சிக்னலும் விட்டு விட்டு வருது, சார்ஜ் பத்து பர்சென்ட், அதுல யார் முன்னூறு மெசேஜ் தேடுவாங்க.

அடுத்த மழைக்கு `Send new messages` ஆஃப் பண்ணி அட்மின் மட்டும் பேசற மாதிரி வெச்சோம். அதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ்: உதவி வேணும்னா டோர் நம்பர், எத்தனை பேர், எந்த மாடி, இதை மட்டும் இந்த மூணு அட்மின்ல ஒருத்தருக்குத் தனியா அனுப்புங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரே மெசேஜ்ல எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதுவோம், அதை பின் பண்ணுவோம், பழைய பின்னை எடுத்துடுவோம். பின் பண்ணும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள்னு கேக்கும், 24 போதும், இல்லன்னா வெயில் அடிக்கும்போதும் படகு பின் அங்கயே இருக்கும். மழை நின்னதும் திறந்து விட்டோம். திறக்க மறக்காதீங்க, நான் ஒரு தடவை மறந்து நாலு நாள் குரூப் அமைதியா இருந்தது, நான் வேற எல்லாரும் திருந்திட்டாங்கன்னு நினைச்சேன்.

கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் நம்ம குரூப்ல வந்திருக்கு, நம்ம சார்தான் போட்டிருக்காரு

ஃபைல் பேர் கடைசில `.apk`ன்னு இருக்கான்னு பாருங்க. பத்திரிகைன்னா போட்டோவா இல்ல `.pdf`ஆ வரும். `.apk`ங்கறது போன்ல ஏத்தற ஆப், ஏத்தினா ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். டிராபிக் ஃபைன், பேங்க் கேஒய்சின்னும் இதே மாதிரி வரும். சார் போடல, சார் போனை எவனோ பிடிச்சிட்டான்.

வரிசை முக்கியம்: முதல்ல ஃபைலை அழிங்க, உடனே அவர் நம்பரை குரூப்ல இருந்து நீக்குங்க, இல்லன்னா மறுபடி போடுவான். அப்புறம் அவருக்கு வாட்ஸப்ல இல்லாம சாதா கால் போடுங்க, எடுக்கலன்னா வீட்டுக்குப் போங்க. குரூப்ல "யாராவது திறந்து இன்ஸ்டால் பண்ணியிருந்தா இப்பவே நெட்டை ஆஃப் பண்ணிட்டு பேங்க்குக்கு போன் பண்ணுங்க, காசு போயிருந்தா 1930"னு போடுங்க. நீக்கினதுக்கு அவர் கோச்சுக்க மாட்டாரு, போன் சரியானதும் சேர்த்துடுவோம்னு ஒரு வரி சொல்லிட்டா போதும்.

எவனாவது தப்பா போட்டா அட்மினை போலீஸ் பிடிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

அடுத்தவர் போட்டதுக்காக, அட்மினா இருக்கீங்கங்கற ஒரே காரணத்துக்காக நீங்க குற்றவாளி ஆக மாட்டீங்க. மதுரை ஐகோர்ட் கிளை 2021 டிசம்பர்ல ஒரு குரூப் அட்மின் வழக்குல, அட்மினா இருந்தது தவிர வேற எந்தப் பங்கும் இல்லன்னா குற்றப்பத்திரிகைல இருந்து அவர் பேரை எடுக்கணும்னு சொல்லியிருக்கு. அதே வருஷம் பாம்பே ஐகோர்ட் நாக்பூர் கிளையும், 2022-ல கேரளா ஐகோர்ட்டும் இதே போக்குலதான் தீர்ப்பு சொல்லியிருக்கு.

ஆனா ஒண்ணு கவனிங்க. அட்மினால ஆளை சேர்க்கவும் நீக்கவும் மட்டும்தானே முடியும், என்ன போடுவாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்கறது அந்தத் தீர்ப்புகள்ல ஒரு காரணம். அடுத்தவர் மெசேஜை அட்மின் அழிக்கற வசதி எல்லாருக்கும் வந்தது அதுக்கப்புறம். அதனால கண்டுக்காம விட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே அதுக்கு லைக் போட்டு வெச்சிருந்தா கதையே வேற. மேல சொன்ன மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, அழிங்க, எப்ப அழிச்சீங்கன்னு நோட்ல எழுதிக்குங்க. குழந்தைங்க சம்பந்தப்பட்ட ஆபாசம்னா மட்டும் ஸ்க்ரீன்ஷாட் கூட எடுக்காதீங்க, அதை வெச்சிருக்கறதே குற்றம், அழிச்சிட்டு போட்டவன் நம்பரை எழுதிக்கிட்டு நேரா போலீஸ்.

தெருவுல பெரிய ஆளு, அவரே ரூல்ஸ் மீறறாரு, நீக்கலாமா?

நீக்கறது கடைசி. முதல்ல தனியா ஒரு தடவை, ரெண்டாவது தடவை இன்னொரு அட்மினையும் கூட்டிட்டு நேர்ல. மூணாவது தடவைதான் நீக்கறது, அதையும் மூணு அட்மினும் ஒத்துக்கிட்டு, ஒரு மாசம் கழிச்சு சேர்த்துக்கறோம்னு தேதி சொல்லி. எங்க தெருவுல நாலு வருஷத்துல ரெண்டே பேரைத்தான் இப்படி நீக்கினோம். அதுக்காக போல் மட்டும் வெச்சிடாதீங்க, யார் எதுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், தெரு ரெண்டா உடைஞ்சிடும். போல் எல்லாம் குப்பை வண்டி காலைல ஏழுக்கா எட்டுக்கா, அந்த மாதிரி விஷயத்துக்குத்தான்.

எந்நேரமும் போனும் கையுமா இருக்கேன்னு வீட்ல திட்டறாங்க, இதுக்கு எவ்ளோ நேரம் ஒதுக்கணும்?

குரூப்ப மியூட்ல போடுங்க, அட்மின் மியூட் பண்ணக் கூடாதுன்னு எந்த சட்டமும் இல்ல. காலைல காபி குடிக்கறப்ப ஒரு தடவை, நைட் படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அதுலயே சேர காத்திருக்கறவங்க லிஸ்ட்டையும் பாத்துடலாம். நடுவுல அவசரம்னா போன் போடுங்கன்னு மூணு அட்மின் நம்பரையும் டிஸ்கிரிப்ஷன்ல போட்டுடுங்க, ஆளுக்கு ஒரு நாளா முறை வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. நாங்க நைட் முறையை நைட் ஷிப்ட் போற தம்பிக்குக் குடுத்துட்டோம், அவன் எப்படியும் முழிச்சிட்டுதான் இருக்கான்.